நேரம் குறித்து வைத்த எஸ்எம்எஸ் ஏன் போகவில்லை?

ஒரு எஸ்எம்எஸ்ஸை இப்போதே எழுதி, நாளைக் காலை ஆறு மணிக்குப் போகும்படி குறித்து வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். சாம்சங் போன்களில் இந்த வசதி நெடுநாளாக இருக்கிறது. கூகுள் தன்னுடைய மெசேஜஸ் செயலியில் இதைத் தருவதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தது; ஆண்ட்ராய்டு 7 முதல் எல்லாப் போன்களிலும் வேலை செய்யும் என்றது. அதன்பின் பிறந்தநாள் வாழ்த்து, டியூஷன் கட்டண நினைவூட்டல், 'நாளைக்குக் கடை லீவு' என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் தகவல் என எதற்கெல்லாமோ இதைப் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலும் சொன்ன நேரத்துக்குப் போய்விடுகிறது. சில நாள் போவதில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால் போன் கடைக்காரர் "நெட்வொர்க் பிராப்ளம் சார்" என்பார். பாதி நேரம் அது நெட்வொர்க் சம்பந்தப்பட்டதே அல்ல.

குழப்பத்துக்குக் காரணம், அந்தச் செய்தி இரவெல்லாம் எங்கே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான். ஜிமெயிலில் ஒரு மின்னஞ்சலை நாளைக்கு என்று குறித்து வைத்தால், அது கூகுளின் கணினியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் போன் தண்ணீரில் விழுந்தாலும் குறித்த நேரத்தில் போய்விடும். டெலிகிராமில் குறித்து வைக்கும் செய்தியும் அப்படித்தான், அவர்களுடைய சர்வரில் காத்திருக்கும். எஸ்எம்எஸ் அப்படி இல்லை. சிம் கார்டு கொடுத்த நிறுவனத்துக்கு உங்கள் செய்தியைப் பற்றி அந்த நிமிடம் வரும்வரை எதுவும் தெரியாது. எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, தபால் பெட்டியில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருக்கும் கடிதம் அது. குறித்த நேரம் வந்ததும் உங்கள் போனே விழித்தெழுந்து, அந்தச் செயலியை எழுப்பி, சிம் வழியாக அதை அனுப்பியாக வேண்டும். போன் அணைந்திருந்தாலோ, செயலி எழ மறுத்தாலோ, சிம் அனுப்ப முடியாத நிலையில் இருந்தாலோ செய்தி அங்கேயே கிடக்கும். இந்த மூன்றில் எது நடந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

குறித்து வைக்கும் விதம்

கூகுள் மெசேஜஸில் செய்தியை எழுதி முடித்ததும், அனுப்பும் அம்புக்குறியை வழக்கம்போல் தட்டாமல், விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். 'Schedule send' என்ற தலைப்பில் இரண்டு மூன்று நேரங்கள் தயாராக வரும். அவை வேண்டாம் என்றால் கீழே உள்ள 'Pick date & time' என்பதைத் தட்டி, நாளும் மணியும் தேர்ந்தெடுத்து, 'Save' கொடுக்க வேண்டும். சாம்சங்கின் பழைய மெசேஜஸ் செயலியில் மெனுவுக்குள் 'Schedule message' என்று இருக்கும்.

இங்கேயே ஒரு பள்ளம் இருக்கிறது. 'Save' கொடுத்தவுடன் வேலை முடிந்தது என்று பலர் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. நேரம் மட்டும்தான் பதிவாகியிருக்கிறது. செய்தி இன்னும் எழுதும் பெட்டிக்குள்தான் இருக்கிறது, அதற்கு மேலே நீங்கள் குறித்த நேரம் தெரியும். அனுப்பும் பொத்தானை இன்னொரு தடவை தட்டினால்தான் அது காத்திருக்கும் வரிசைக்குப் போகும். சரியாகப் போய்விட்டதா என்பதை அறிய ஒரே அடையாளம்தான்: செய்தி மற்றச் செய்திகளைப்போல உரையாடலுக்குள் மேலேறியிருக்க வேண்டும், பக்கத்தில் சின்னக் கடிகாரப் படம் இருக்க வேண்டும். அந்தக் கடிகாரத்தைத் தட்டினால் திருத்தவும், உடனே அனுப்பவும், அழித்துவிடவும் வழி வரும். கடிகாரம் இல்லாமல் எழுத்துகள் கீழே பெட்டியிலேயே நிற்கின்றன என்றால் நீங்கள் எதையும் குறித்து வைக்கவில்லை.

மணியைத் தேர்ந்தெடுக்கும்போது காலையா மாலையா என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. நேரம் உங்கள் போனின் கடிகாரப்படிதான். துபாயில் இருந்துகொண்டு காலை ஏழு மணி என்று வைத்தால், ஊரில் அது எட்டரைக்குத்தான் வந்து சேரும். வேலைக்குக் கிளம்பும் முன் அப்பா பார்க்கட்டும் என்று நினைத்திருந்தால் ஐந்தரை என்று வைத்திருக்க வேண்டும்.

அலாரம் அடித்தது, செய்தி போகவில்லை

எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியை ஒருவர் கோவையில் இருக்கிறார். அவருடைய அம்மா கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், ஆகவே வாட்ஸ்அப் கிடையாது. அம்மாவுக்கு ஒரு நாள் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை. அவர் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, முதல் வேலையாகப் போனைப் பார்த்துவிட்டு, பிறகுதான் காபி போடுவார். மகள் அதை மனதில் வைத்து, முந்தின இரவே எழுதி, காலை ஐந்துக்கு என்று குறித்தார்: "அம்மா, இன்னைக்கு ரத்த டெஸ்ட். காபி கூட குடிக்காதீங்க. ஏழு மணிக்கு லேப்."

செய்தி கிளம்பியது காலை ஆறு இருபதுக்கு. அதற்குள் அம்மா சர்க்கரை போட்ட காபியைக் குடித்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. லேபில் "நாளைக்கு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மகளுக்குப் புரியாதது இதுதான். போனில் சார்ஜ் இருந்தது. சிக்னல் இருந்தது. ஐந்தே முக்காலுக்கு வைத்திருந்த அலாரம்கூடச் சரியாக அடித்தது. அலாரம் அடிக்கும் போனிலிருந்து செய்தி மட்டும் ஏன் போகவில்லை?

அவரிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "காலையில போனைத் திறக்கும்போது விரலை வெச்சதும் திறந்துச்சா, இல்ல பின் நம்பர் கேட்டுச்சா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாங்க, அன்னைக்குப் பின் கேட்டுச்சு. கை ஈரமா இருக்குன்னு நெனச்சேன்" என்றார். அதில் விடை இருந்தது. இரவு தூங்கிக்கொண்டிருந்தபோது போன் தானாகவே ஒரு தடவை அணைந்து மீண்டும் தொடங்கியிருக்கிறது. சிஸ்டம் அப்டேட் வந்து, 'இரவில் நிறுவவா' என்று சில நாட்களுக்கு முன் கேட்டபோது அவர் சரி என்று தட்டியிருக்கிறார். தட்டியது அவருக்கு நினைவில் இல்லை. அப்டேட் முடிந்ததும் போன் மறுபடி தொடங்கி, பின் நம்பருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

மறுதொடக்கம் ஆன ஆண்ட்ராய்டு போனும், ஒருமுறை பின் நம்பர் போட்டுத் திறந்த போனும் ஒன்றல்ல. போனில் உள்ள உங்கள் தகவல்கள், அதாவது படங்கள், தொடர்புப் பட்டியல், செய்திகள் எல்லாம், சங்கேத மொழியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. தொடங்கிய பிறகு முதல் தடவை உங்கள் பின் நம்பரைப் போடும்போதுதான் அந்தப் பூட்டு திறக்கிறது. அதுவரை போன் ஓர் அரைத் தூக்கத்தில் இருக்கும். ஆண்ட்ராய்டு 7-இல் வந்த ஏற்பாடு இது. அந்த அரைத் தூக்கத்திலும் மிக அவசியமான சில வேலைகள் நடந்தாக வேண்டும் என்று கூகுள் முடிவு செய்தது. அதனால் அழைப்பு வந்தால் மணி அடிக்கும், வைத்த அலாரமும் அடிக்கும். குறித்து வைத்த செய்தி அந்த அவசியப் பட்டியலில் பொதுவாக இல்லை. அந்தச் செய்தியே பூட்டுக்குள் இருக்கிறது, அனுப்ப வேண்டிய செயலியால் அதை எடுக்க முடியாது.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 'ஐந்து மணிக்கு என்னை எழுப்பு' என்று மெசேஜ் செயலி ஆண்ட்ராய்டிடம் சொல்லி வைத்திருக்கும் குறிப்பு, போன் அணையும்போது அழிந்துவிடும். போன் மறுபடி தொடங்கி, நீங்கள் திறந்த பிறகு, 'போன் தயார்' என்ற தகவல் செயலிக்குப் போகும். அதன்பிறகே அது தன்னிடம் உள்ள செய்திகளைப் பார்த்து மறுபடி குறிப்பு வைக்கும். அப்போது நேரம் ஏற்கனவே தாண்டியிருந்தால் ஆண்ட்ராய்டு காத்திருக்காமல் உடனே எழுப்பிவிடும். அதனால்தான் ஆசிரியை ஆறு இருபதுக்குப் பின் நம்பரைப் போட்ட கையோடு செய்தி ஓடியது. தொலைந்துபோகவில்லை, தாமதமாகப் போனது.

இரவில் போன் மறுதொடக்கம் ஆனதா என்று அறிய இன்னொரு அடையாளமும் உண்டு. திறப்பதற்கு முன் யாராவது அழைத்தால், தெரிந்தவராக இருந்தாலும் திரையில் பெயர் வராது, வெறும் எண்தான் வரும். தொடர்புப் பட்டியலும் பூட்டுக்குள் இருப்பதுதான் காரணம்.

அப்டேட் மட்டுமல்ல, வேறு வழிகளிலும் இது நடக்கலாம். சில போன்களில் 'இரவு ஒரு மணிக்கு அணை, ஆறு மணிக்குத் தொடங்கு' என்று வைக்கும் அமைப்பு இருக்கிறது. வேகம் குறையாமலிருக்க வாரம் ஒருமுறை தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும் அமைப்பும் சில போன்களில் உண்டு. 2025-இல் கூகுள் பாதுகாப்புக்காக இன்னொன்றைச் சேர்த்தது: தொடர்ந்து மூன்று நாள் திறக்கப்படாமல் கிடக்கும் போன் தானாக மறுதொடக்கம் ஆகிவிடும். கடைக்காரர்கள் சிலர் பழைய போன் ஒன்றில் கடை நம்பரைப் போட்டு, மேசை இழுப்பறையில் வைத்து, அதிலிருந்து வாடிக்கையாளருக்குச் செய்திகள் போகும்படி செய்கிறார்கள். அவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் போனை இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது கையில் எடுத்துத் திறக்க வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு பின் நம்பர் இல்லாமலே வேலையைத் தொடரும் ஏற்பாடு ஒன்று ஆண்ட்ராய்டு 11-இல் வந்தது உண்மை. ஆனால் எல்லாப் போன்களிலும் அது இல்லை, அதை நம்பி முக்கியமான செய்தியை வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

அப்டேட் காத்திருக்கிறதா என்பதை முந்தின இரவே பார்த்துவிடலாம். மேலிருந்து அறிவிப்புகளை இழுத்துப் பார்த்தால் அது கண்ணில் படும். இருந்தால், செய்தியைக் குறிக்கும் முன்பே அப்டேட்டை முடித்து, போனை ஒருமுறை திறந்துவிட வேண்டும்.

பேட்டரியைக் காப்பாற்றும் கெடுபிடி

போன் அணையவும் இல்லை, மறுதொடக்கம் ஆகவும் இல்லை, ஆனாலும் செய்தி பத்து நிமிடம், அரை மணி தாமதமாகப் போகிறது அல்லது போகவே இல்லை என்றால், பேட்டரி அமைப்புகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், சார்ஜரில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து கிடக்கும் போன் கொஞ்ச நேரத்தில் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடும். செயலிகளின் வேலைகளையெல்லாம் தள்ளிப்போட்டு, இடையிடையே சிறிது நேரம் விழித்து, சேர்ந்தவற்றை மொத்தமாக முடித்துவிட்டு மறுபடி தூங்கும். இரவு தலைமாட்டில் கிடக்கும் போன் இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தத் தூக்கத்திலும் குறித்த நிமிடத்தில் எழுப்பச் சொல்லும் உரிமை ஒரு செயலிக்குக் கிடைக்கலாம். நன்றாக எழுதப்பட்ட மெசேஜ் செயலிகள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. சரியாக எழுதப்படாத செயலி கேட்பதில்லை. அதன் செய்தி போனின் அடுத்த விழிப்புக்காகக் காத்திருக்கும். போனைச் சார்ஜரில் போட்டு வைத்த இரவில் சரியாகப் போய், போடாத இரவில் தாமதமாகிறது என்றால் காரணம் இதுதான் என்று சொல்லிவிடலாம்.

பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிய வேறு செயலியைப் பயன்படுத்துபவர்கள் இன்னோர் இடத்தையும் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல், குறித்த நிமிடத்தில் எழும் உரிமை தனி அனுமதியாகிவிட்டது. ஆண்ட்ராய்டு 14-இல் புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அது தானாகக் கிடைப்பதில்லை, நாம்தான் கொடுக்க வேண்டும். அமைப்புகளில் 'Apps', அதற்குள் 'Special app access', அதற்குள் 'Alarms & reminders' என்று போனால் பட்டியல் வரும். உங்கள் செயலி அங்கே அணைந்திருந்தால், நிமிடக் கணக்கில் அது சொன்னபடி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பழைய போனில் ஒழுங்காக இருந்த செயலி புதுப் போனில் தடுமாறுகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

அதைவிடக் கடுமையானது போன் தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்குச் சேர்த்திருக்கும் கட்டுப்பாடுகள். பேட்டரி இரண்டு நாள் வரும் என்று விளம்பரம் செய்வதற்காக, பின்னணியில் இருக்கும் செயலிகளை இரக்கமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு செயலியின் பேட்டரி அமைப்பில் 'Unrestricted', 'Optimized', 'Restricted' என மூன்று நிலைகள் இருக்கும். 'Restricted' என்றிருந்தால் அது வைத்த நேரக் குறிப்புகள் எழுப்பாமலே போகலாம். 'Unrestricted' என்று மாற்றிவிடுவது நல்லது. சில தயாரிப்புகளில் 'Autostart' என்று தனி அனுமதியும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் மறுதொடக்கத்துக்குப் பிறகு, நீங்களே திறக்கும்வரை செயலி எழாது.

இதோடு சேர்ந்து ஒரு பழக்கமும் கெடுதல் செய்கிறது. படுக்கப் போகுமுன் எல்லாச் செயலிகளையும் மேலே தள்ளித் தள்ளி மூடிவிடுவது. பல போன்களில் அதனால் ஒன்றும் ஆகாது. சில போன்களிலோ அது செயலியை வலுக்கட்டாயமாக நிறுத்துவதற்குச் சமம். அமைப்புகளில் உள்ள 'Force stop' பொத்தானை அழுத்தினால் என்ன ஆகுமோ அதுவே நடக்கும்: செயலி வைத்திருந்த எழுப்பும் குறிப்புகள் எல்லாம் அழியும், நீங்களே மறுபடி திறக்கும்வரை அது எழவே எழாது. இதன் அடையாளம் தெளிவானது. குறித்த நேரத்தில் எதுவும் நடந்திருக்காது, 'அனுப்ப முடியவில்லை' என்ற எச்சரிக்கைகூட இருக்காது. காலையில் செயலியைத் திறந்தால் கடிகாரப் படம் அப்படியே இருக்கும், அல்லது திறந்த அந்த நொடியில் செய்தி கிளம்பும்.

வாட்ஸ்அப்பில் நேரம் குறித்து அனுப்பித் தருகிறோம் என்று வரும் வெளிச் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பல, மாற்றுத்திறனாளிகளுக்காக ஆண்ட்ராய்டில் இருக்கும் அணுகல் வசதியைப் பிடித்துக்கொண்டு, உங்கள் விரலுக்குப் பதிலாகத் திரையில் பொத்தானை அழுத்துகின்றன. திரை பூட்டியிருந்தால் அழுத்த முடியாது. அனுப்பும் பொத்தானின் இடம் மாறினாலும் தவறிவிடும். அந்த அனுமதியைப் பெற்ற செயலி உங்கள் திரையில் இருப்பதையெல்லாம் படிக்கவும் முடியும் என்பதால், வங்கிக் கணக்கு வைத்திருக்கும் போனில் இதைச் செய்யாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

எழுந்தும் அனுப்ப முடியாதபோது

செயலி சரியான நேரத்தில் எழுந்துவிட்டது, ஆனால் அனுப்ப முடியவில்லை என்பது வேறு வகை. இதில் செய்தியின் அருகே கடிகாரம் போய், 'Not sent' என்பது போன்ற சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கும். இப்போதுதான் நெட்வொர்க்கையும் சிம்மையும் சந்தேகிக்க வேண்டும்.

இரவில் ஏரோபிளேன் மோடில் போடுபவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பலரும் தவறவிடுவது மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத் தூங்குவது. எஸ்எம்எஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை என்பது சரிதான். ஆனால் கூகுள் மெசேஜஸில் எதிர்முனையில் இருப்பவரிடமும் ஆர்சிஎஸ் வசதி இருந்தால், செய்தி எஸ்எம்எஸ்ஸாகப் போகாமல், வாட்ஸ்அப் போல இணையம் வழியாகப் போகும். எழுதும் பெட்டியில் 'RCS message' என்று மங்கலாகத் தெரிந்தால் அந்த வகை; 'Text message' என்று இருந்தால் சாதாரண எஸ்எம்எஸ். முதல் வகையைக் குறித்து வைத்துவிட்டு வைஃபையையும் டேட்டாவையும் அணைத்தால் செய்தி தேங்கி நிற்கும். ஆர்சிஎஸ் அமைப்புகளில், இணையம் இல்லாதபோது தானாகவே எஸ்எம்எஸ்ஸாக மாற்றி அனுப்பும் தெரிவு இருக்கிறது. அதைப் போட்டு வைக்கலாம். ஆசிரியையின் அம்மாவிடம் பட்டன் போன் என்பதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சிம் பக்கத்தில் பார்த்தால், நம் ஊரில் அதிகம் நடப்பது ரீசார்ஜ் முடிந்துபோவது. பத்து நாள் கழித்துப் போகட்டும் என்று இன்று குறித்து வைக்கிறோம். அதற்குள் திட்டம் காலாவதியாகிவிட்டால், செயலி சரியாக எழுந்தாலும் சிம் மறுத்துவிடும். இரண்டு சிம் போட்டிருப்பவர்கள், எந்த சிம்மிலிருந்து குறித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பல திட்டங்களில் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் என்ற அளவு இருக்கிறது. பண்டிகை நாட்களில் எஸ்எம்எஸ் சலுகை செல்லாது என்று நிறுவனங்கள் சில நாட்களை ஒதுக்கி வைத்தது பலருக்கு நினைவிருக்கும். தீபாவளி வாழ்த்தைக் குறிக்கும் முன் உங்கள் திட்டத்தின் நிபந்தனையை ஒருமுறை படித்துவிடுங்கள். சிம் தொலைந்து அதே எண்ணில் புது சிம் வாங்கியிருந்தால், மோசடியைத் தடுப்பதற்காக இந்தியாவில் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வருவதும் போவதும் நிறுத்தி வைக்கப்படுகிறது. அந்த நேரத்துக்குள் குறித்திருந்த செய்தி போகாது.

தமிழில் எழுதுபவர்கள் நீளத்தையும் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்து மட்டும் என்றால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து வரை போகும். தமிழ் வந்துவிட்டால் வழக்கமாக அது 70 ஆகிவிடும். அந்த எழுபதும் நாம் பள்ளியில் எண்ணிய கணக்கில் இல்லை. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். 'அம்மா' என்பது நமக்கு மூன்றெழுத்து, போனுக்கு ஐந்து: அ, ம, புள்ளி, ம, கால். ஆசிரியை எழுதிய அந்தச் சின்னச் செய்தியை இப்படி எண்ணிப் பார்த்தேன். இடைவெளிகளையும் சேர்த்து 71 வருகிறது. ஒன்று கூடியதால் அது இரண்டு எஸ்எம்எஸ்ஸாகத்தான் போயிருக்கும். கடைசி முற்றுப்புள்ளியை எடுத்திருந்தால் ஒன்றிலேயே அடங்கியிருக்கும். இரண்டாகப் பிரிந்து போவது தவறல்ல, வாங்கும் போன் சேர்த்துக் காட்டிவிடும். ஆனால் ஒரு துண்டு தங்கிவிட்டால் முழுச் செய்தியும் தங்கும், நாளின் கணக்கிலும் இரண்டு குறையும். இருபது வரி பொங்கல் வாழ்த்தை அறுபது பேருக்குக் குறித்து வைப்பவருக்கு 100 என்ற அளவு சீக்கிரமே தீர்ந்துவிடும்.

செய்தி உங்கள் போனைவிட்டுப் போய், எதிர்முனையில் வராமல் இருந்தால் அது நேரம் குறித்ததன் பிழை அல்ல. வாங்குபவரின் போன் அணைந்திருந்தால், நிறுவனத்தின் எஸ்எம்எஸ் மையம் செய்தியை வைத்திருந்து பிறகு கொடுக்கும். செயலியில் 'அனுப்பியாயிற்று' என்று வந்தால் அந்த மையம் பெற்றுக்கொண்டது என்று மட்டுமே பொருள். அமைப்புகளில் 'Get SMS delivery reports' என்பதைப் போட்டு வைத்தால், வாங்கியவரின் போனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியவரும்.

சோதித்துப் பார்க்க ஓர் இரவு

உங்கள் போனை இந்த விஷயத்தில் எவ்வளவு நம்பலாம் என்று அறிய, ஒரு முக்கியமான நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே உங்கள் எண்ணுக்கே ஒரு எஸ்எம்எஸ் எழுதி, விடிகாலை நான்கு மணிக்கு என்று குறித்து வையுங்கள். வீட்டில் இன்னொருவருடைய எண்ணுக்கு வைத்தால் இன்னும் நல்லது. பிறகு வழக்கமாக எப்படித் தூங்குவீர்களோ அப்படியே போனை விட்டுவிடுங்கள். டேட்டாவை அணைப்பது வழக்கம் என்றால் அணையுங்கள், செயலிகளைத் தள்ளி மூடுவது வழக்கம் என்றால் மூடுங்கள், சார்ஜரில் போடாதது வழக்கம் என்றால் போடாதீர்கள். சோதனைக்காக நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால் பயனில்லை.

காலையில் போனைத் திறக்காமல், பூட்டிய திரையை மட்டும் முதலில் பாருங்கள். நான்கு மணிக்குச் செய்தி வந்திருந்தால் எல்லாம் சரி. திறந்தபிறகே வருகிறது, பின் நம்பரும் கேட்டது என்றால் இரவில் மறுதொடக்கம் நடந்திருக்கிறது. அப்டேட்டையும் தானே அணையும் அமைப்பையும் பாருங்கள். விரலுக்கே திறந்தது, ஆனால் செய்தி நாலேகாலுக்கோ நாலரைக்கோ வந்திருக்கிறது என்றால் பேட்டரித் தூக்கம். செயலியைத் திறந்தபின்தான் கிளம்பியது என்றால் யாரோ அதை வலுக்கட்டாயமாக நிறுத்தியிருக்கிறார்கள்: நீங்களோ, போனோ. சிவப்பு எச்சரிக்கை என்றால் சிம்முக்குப் போங்கள். மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டு அடுத்த இரவும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

ஆசிரியை அப்படிச் சோதித்து, தானாக இரவில் நிறுவும் அப்டேட்டை நிறுத்திவிட்டார். ஆனாலும் அம்மாவின் மருந்து, பரிசோதனை சம்பந்தப்பட்ட செய்திகளை இப்போது விடிகாலைக்கு வைப்பதில்லை. முந்தின இரவு எட்டு மணிக்கு, அம்மா சாப்பிட உட்காரும் நேரத்தில், 'நாளைக்குக் காலையில' என்று தொடங்கி அனுப்புகிறார். அப்போது போன் அவர் கையில் இருக்கிறது; போகாவிட்டால் அந்த நிமிடமே தெரிந்துவிடும், கூப்பிட்டும் சொல்லிவிடலாம்.